கிரேடியன்ட்டில் பட்டை விழுகிறதா? 10 பிட்டைத் தொடும் முன் பட்டை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

"ஏனுங்ண்ணா, மானிட்டர் போயிருச்சுங்களா?" என்று திருப்பூர் பி.என். ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு டிசைன் ரூமிலிருந்து போன் வந்தது. ஹூடி ஒன்றுக்கு ஓம்ப்ரே டிசைன். அடியில் நேவி, மேலே போகப் போகக் கறுப்பு. திரையில் அது வழுக்கிக்கொண்டு போகாமல் படிக்கட்டு மாதிரி இறங்கியிருக்கிறது. சில படிகளில் லேசான ஊதாவும் தெரிந்திருக்கிறது. போன் செய்த டிசைனர் தம்பி, கோளாறு ஃபைலில்தான் என்று முடிவு செய்து, பட்டையை மறைக்கப் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் போட்டு அனுப்பிவிட்டார். சாம்பிளுக்கு அடித்துப் பார்க்கும் ஸ்ட்ரைக் ஆஃப் துணி மணல் தூவியது போல வந்தது. மெர்ச்சண்டைசர் அக்கா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் போய்ச் செய்த முதல் வேலை, நாய்ஸ் போடாத பழைய ஃபைலை ஒரு மீட்டர் துணியில் அடித்துப் பார்க்கச் சொன்னதுதான். துணி சுத்தமாக வந்தது. பட்டை ஃபைலில் இல்லவே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் எங்கோ பிறந்து, திரையில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தது.

இப்படிப் போன் வந்தால் பெரும்பாலானோர் சொல்லும் பதில் "டிரைவர்ல 10 பிட் வெச்சிருங்க" என்பதுதான். ஒரு நிறத்துக்கு 8 பிட் என்றால் 256 படிகள், 10 பிட் என்றால் 1024 படிகள். அது சில நேரம் சரியான மருந்து, சில நேரம் வெறும் தண்ணீர். அதனால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஒரு சோதனைப் படம்

டிசைன் ஃபைலை வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள். அதில் லேயர், எஃபெக்ட், கலர் ப்ரொஃபைல் எல்லாம் கலந்திருக்கும். வெறும் சாம்பல் கிரேடியன்ட் ஒன்று வேண்டும். ImageMagick இருந்தால் இரண்டே வரிதான்:

```
magick -size 1440x2560 "gradient:#141414-#3c3c3c" -rotate -90 PNG24:t8.png
magick -size 1440x2560 "gradient:#141414-#3c3c3c" -rotate -90 PNG48:t16.png
```

இரண்டுமே இடமிருந்து வலமாக 20 என்ற இருட்டுச் சாம்பலிலிருந்து 60 வரை போகும் படங்கள். முதலாவது நிறத்துக்கு 8 பிட், இரண்டாவது 16 பிட். உங்கள் திரை 2560×1440 இல்லையென்றால் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டுப் பகுதியை வேண்டுமென்றே எடுத்திருக்கிறேன். நேவி, கறுப்பு, கரும்பச்சை போன்ற நிறங்களில்தான் கண்ணுக்குப் படிகள் சீக்கிரம் பிடிபடும்.

t8.png-ஐ பெயின்ட்டில் 100 சதவீதத்தில் திறங்கள். இப்போது ஒரு சின்னக் கணக்கு. 20 முதல் 60 வரை மொத்தம் 41 படிகள். 2560 பிக்சலை 41-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ஏறத்தாழ 62 பிக்சல். 27 அங்குலத் திரையில் அது கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர். ஆக, எந்தக் கோளாறும் இல்லாத 8 பிட் திரையிலேயே அறையை இருட்டாக்கி உற்றுப் பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு மெல்லிய படி தெரியத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படிகள் எப்படித் தெரிகின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: பட்டைகள் ஒரே அகலம், நிறச் சாயல் இல்லை

எல்லாப் பட்டையும் ஒரே அகலத்தில், வெறும் சாம்பலாகவே இருந்தால் டிரைவரும் கேபிளும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம். 8 பிட் படத்தை 8 பிட் திரை அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் டிசைனிலும் இதே மாதிரி ஒழுங்கான பட்டை தெரிந்தால் ஃபைலைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் Image → Mode போய் 16 Bits/Channel ஆக மாற்றிவிட்டு கிரேடியன்ட்டைப் புதிதாகப் போடுங்கள். 8 பிட்டில் போட்ட பழைய கிரேடியன்ட்டை 16-க்கு மாற்றினால் மட்டும் பயனில்லை. தொலைந்த படிகள் திரும்பி வராது. கிரேடியன்ட் டூலில் Dither டிக் இருக்கட்டும். அது அடுத்தடுத்த படிகளின் எல்லையில் பிக்சல்களைக் கலந்துவிடும், துணியில் புள்ளியாகத் தெரியாது. தம்பி போட்ட நாய்ஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அளவுதான். டித்தர் ஒரு படிக்குள் விளையாடும், அவர் போட்ட நாய்ஸ் பத்துப் படி தாண்டிக் குதித்தது.

அறிகுறி: பட்டைகள் அகலம் மாறி மாறி, சிலவற்றில் ஊதா, பச்சை, மஞ்சள் சாயல்

அந்த டிசைன் ரூமில் இருந்தது இதுதான். இதைத்தான் ஆட்கள் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள்.

சாயல் தெரியும் இடத்தில் பெயின்ட்டின் நிறம் எடுக்கும் கருவியை வைத்து எண்களைப் பாருங்கள். எங்கள் படம் வெறும் சாம்பல், ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அன்றைக்கு 34, 34, 34 என்றுதான் வந்தது. ஆனால் கண்ணுக்கு அந்த இடம் ஊதாவாகத் தெரிந்தது. எண் சுத்தம், திரை அழுக்கு. அப்படியென்றால் சாயல் ஃபைலைத் தாண்டிய பிறகு சேர்ந்திருக்கிறது.

எங்கே சேர்ந்தது? "போன மாசம் ஒருத்தர் வந்து மானிட்டர் மேல ஒரு மெஷின ஒட்டி வெச்சு கேலிபரேசன் பண்ணீட்டுப் போனாருங்ண்ணா" என்றார் தம்பி. விஷயம் அங்கே கிடைத்துவிட்டது.

கேலிபரேஷன் செய்யும்போது மென்பொருள் ஒரு திருத்த அட்டவணை தயாரிக்கும். விண்டோஸ் தொடங்கும்போது அது கிராஃபிக்ஸ் கார்டில் ஏறிக்கொள்ளும். உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் வேறோர் எண்ணாக மாற்றி வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. அந்த மானிட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த குளிர்ந்த நீலச் செட்டிங்கிலேயே இருந்திருக்கிறது. மானிட்டரின் பட்டனைத் தொடாமல் கேலிபரேஷன் செய்ததால், நீலத்தைக் குறைக்கும் வேலை முழுவதும் அட்டவணையின் தலையில் விழுந்துவிட்டது. அட்டவணையைத் திறந்து பார்த்தபோது நீலம் 82 சதவீதத்தில் நின்றது.

இதை நம் சோதனைப் படத்தில் போட்டுப் பாருங்கள். உள்ளே 20 முதல் 60 வரை 41 படிகள். 0.82-ஆல் பெருக்கினால் வெளியே 16 முதல் 49 வரை, மொத்தம் 34 எண்களுக்குத்தான் இடம். 41 பேரை 34 நாற்காலியில் உட்கார வைத்தால் ஏழு இடத்தில் இரண்டு பேர் ஒரே நாற்காலியில். அந்த ஏழு இடங்களிலும் சிவப்பும் பச்சையும் ஒரு படி ஏறும், நீலம் மட்டும் ஏறாமல் நிற்கும். நின்ற இடத்தில் மஞ்சள் பக்கம் சாயும், அடுத்த படியில் நீலம் எட்டிப் பிடிக்கும்போது ஊதாப் பக்கம் சாயும். பட்டை ஏன் ஒழுங்கில்லாமல் வருகிறது, ஏன் நிறம் காட்டுகிறது என்ற இரண்டுக்கும் விடை இதுதான்.

இந்த இடத்தில்தான் 10 பிட் உண்மையிலேயே உதவுகிறது. டிரைவரில் வெளியீட்டை 10 பிட் ஆக்கினால் அட்டவணைக்கு வெளியே 256 எண்களுக்குப் பதிலாக 1024 எண்கள் கிடைக்கும். உள்ளே ஒரு படி ஏறினால் வெளியே நீலம் மூன்று படிக்கு மேல் ஏறும். இரண்டு பேருக்கு ஒரே நாற்காலி என்ற பேச்சே இல்லை. கவனியுங்கள், ஃபைல் 8 பிட்தான், பெயின்ட்டும் 8 பிட்தான், விண்டோஸ் டெஸ்க்டாப்பும் 8 பிட்தான். இருந்தும் கேபிளில் 10 பிட் போவதால் பட்டை அடங்கிவிடும். "என் சாஃப்ட்வேர் 10 பிட் இல்லையே, எனக்கு எதற்கு" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சில கார்டுகளின் டிரைவர் அட்டவணையின் விடையை 8 பிட்டுக்குச் சுருக்கும்போது தானாகவே டித்தர் செய்துவிடும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் இந்த அறிகுறி தெரியாது. பக்கத்து சிஸ்டத்தில் அதே மானிட்டர் நன்றாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

இது அட்டவணையின் வேலைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டுமா? முதலில் விண்டோஸின் Night light-ஐ அணையுங்கள். அதுவும் நீலத்தைக் குறைத்து இதே சேட்டையைச் செய்யும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் பட்டை வருகிறது என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், அங்கே காரணம் இது ஒன்றுதான். அடுத்து டிரைவர் பேனலில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், காமா, டிஜிட்டல் வைப்ரன்ஸ் யாராவது நகர்த்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். NVIDIA Control Panel-இல் அவை 50, 50, 1.00, 50 என்று இருக்க வேண்டும். கடைசியாக `colorcpl` என்று டைப் செய்து திறந்து, Advanced → Change system defaults → Advanced போய் Use Windows display calibration என்ற டிக்கை எடுத்துவிட்டு, கேலிபரேஷன் மென்பொருளின் சொந்த லோடரையும் மூடி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சாயல் போய்விட்டால் சந்தேகம் தீர்ந்தது. சோதனை முடிந்ததும் டிக்கைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் கேலிபரேஷனுக்குக் கொடுத்த காசு வீண்.

இப்போது டிரைவரில் மாற்றுவது

NVIDIA Control Panel-இல் Change resolution பக்கம். கீழே இருக்கும் Use NVIDIA color settings-ஐத் தேர்ந்தெடுத்தால்தான் பெட்டிகள் திறக்கும். வரிசை முக்கியம்: முதலில் ரெசல்யூஷனும் ரிஃப்ரெஷ் ரேட்டும், அப்புறம் Output color format, அதன் பிறகு Output color depth, கடைசியில் Output dynamic range. ஃபார்மட்டை மாற்றினால் டெப்த் பட்டியலும் மாறும் என்பதால் இந்த வரிசை. டிசைன் வேலைக்கு RGB, 10 bpc, Full. மேலே Desktop color depth என்ற பெட்டியில் Highest (32-bit) என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "32 பிட் இருக்கே, 10 எதுக்கு" என்று கேட்காதவர் குறைவு. அந்த 32 என்பது நான்கு எட்டு: சிவப்பு, பச்சை, நீலம், கூடவே ஒளி ஊடுருவலுக்கு ஒன்று. இந்த 10 என்பது ஒரு நிறத்துக்கு மட்டும். இரண்டையும் ஒப்பிடுவது முழத்தையும் கஜத்தையும் ஒப்பிடுவது போல.

AMD Software-இல் பல்சக்கரக் குறியை அழுத்தி Display பகுதியில் Color Depth-உம் Pixel Format-உம் இருக்கும். பிக்சல் ஃபார்மட்டில் RGB 4:4:4 Pixel Format PC Standard (Full RGB) என்ற நீளமான பெயர்தான் நமக்கு வேண்டியது.

மாற்றிவிட்டு விண்டோஸிடமே கேளுங்கள். Settings → System → Display → Advanced display பக்கத்தில் Bit depth என்ற இடத்தில் 10-bit என்றும் Color format என்ற இடத்தில் RGB என்றும் வர வேண்டும். டிரைவர் பேனல் என்ன சொன்னாலும் நான் இந்தப் பக்கத்தைத்தான் நம்புவேன். பேனலில் Apply அழுத்தாமல் மூடிவிட்டு 10 ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. நானும் ஒருநாள் செய்திருக்கிறேன்.

அறிகுறி: பட்டியலில் 10 bpc-யே இல்லை

டிசைன் ரூமில் எனக்கு முதலில் வந்தது இந்தத் தடங்கல்தான். பெட்டியைத் திறந்தால் 8 மட்டும் நின்றது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, கேபிளில் இடம் போதவில்லை. 4K திரை, 60 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.0 என்ற கூட்டணியை எடுத்துக்கொள்வோம். எச்டிஎம்ஐ 2.0-இல் விநாடிக்கு 18 கிகாபிட் என்று பெட்டியில் போட்டிருக்கும், அதில் படத்துக்குக் கிடைப்பது 14.4. ஓரத்து இடைவெளிகளையும் சேர்த்து 4K 60-க்கு விநாடிக்கு 59 கோடியே 40 லட்சம் பிக்சல் போக வேண்டும். பிக்சலுக்கு 24 பிட் என்றால், அதாவது 8 பிட் RGB என்றால், 14.26 கிகாபிட். மயிரிழையில் நுழைந்துவிடும். 10 பிட் RGB என்றால் 17.82, நுழையாது. டிரைவர் அதனால்தான் அந்த வரியைப் பட்டியலில் காட்டுவதே இல்லை. அதே திரையை டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் இணைத்தால் படத்துக்கு 17.28 கிகாபிட் கிடைக்கும். அங்கே ஓரத்து இடைவெளியையும் குறைத்து அனுப்புவதால் 10 பிட்டுக்கு 16 கிகாபிட் போதும், நுழைந்துவிடும். இந்தச் சூழ்நிலையில் கேபிள் மாற்றுவதுதான் தீர்வு. செட்டிங்கில் எவ்வளவு நேரம் தேடினாலும் வராது. ரிஃப்ரெஷ் ரேட் அதிகமான கேமிங் மானிட்டர் என்றால் ஒரு படி குறைத்துப் பாருங்கள், 10 தானாகத் தலைகாட்டும். துணி டிசைனுக்கு 144 ஹெர்ட்ஸ் எதற்கு?

இரண்டாவது காரணம், இடம் இருந்தும் மானிட்டர் அந்த போர்ட்டில் 10 பிட் வாங்குவேன் என்று சொல்லவில்லை. எங்கள் திரை 2560×1440, 60 ஹெர்ட்ஸ். 10 பிட்டுக்கு ஏழேகால் கிகாபிட் போதும், பழைய எச்டிஎம்ஐ 1.4-இலேயே 8.16 இருக்கிறது. ஆக இடப் பிரச்சினை இல்லை. அந்த மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் தன் தகவல் அட்டையில் 8 மட்டும்தான் எழுதி வைத்திருந்தது. கோயம்புத்தூர் காந்திபுரத்திலிருந்து வாங்கி வரச் சொன்ன ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டியதும் 10 bpc வந்துவிட்டது. மானிட்டர் பெட்டியிலேயே அந்தக் கேபிள் பிரிக்காமல் கிடந்தது என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது, அதை விடுங்கள்.

இரண்டும் செய்தும் வரவில்லை என்றால் மானிட்டரே 8 பிட்தான். அப்போது என்ன செய்வது? அட்டவணையின் சுமையைக் குறைக்க வேண்டும். மானிட்டரின் சொந்த மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி அளவு இருக்கும். கேலிபரேஷன் கருவியைத் திரையில் வைத்துக்கொண்டே அங்கே நீலத்தைக் குறைத்து வெள்ளையைச் சரி செய்துவிட்டு, அதன் பிறகு கேலிபரேஷனை ஓட விடுங்கள். அட்டவணையில் நீலம் 82-க்குப் பதிலாக 98, 99 என்று நிற்கும், இழப்பு ஒன்றிரண்டு படியோடு போய்விடும். உண்மையில் 10 பிட் மானிட்டரிலும் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் இரண்டையும் செய்துவிட்டுத்தான் வந்தேன்.

அறிகுறி: பட்டையோடு கறுப்பு வெளுத்திருக்கிறது, அல்லது இருட்டு மொத்தமாக அடைத்துப் போயிருக்கிறது

இது Limited, Full சண்டை. Limited என்றால் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடியும், மொத்தம் 220 படிகள். டிவிக்காக வந்த வழக்கம். கம்ப்யூட்டர் Limited அனுப்பி மானிட்டர் Full என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும். தலைகீழாக நடந்தால் 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாக விழுங்கப்படும், நம் ஓம்ப்ரேயின் மேல் பாதி காணாமல் போகும். இரண்டு பக்கமும் Limited என்று ஒத்துப்போனால் கறுப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனால் 256 படியை 220-க்குள் அடைத்ததால் சில படிகள் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு சரியாக இருப்பதாலேயே இந்த மூன்றாவது வகையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

எச்டிஎம்ஐயில் இணைத்த 1920×1080 மானிட்டர்களில் இது அடிக்கடி வரும். NVIDIA பேனலின் ரெசல்யூஷன் பட்டியல் Ultra HD, HD, SD என்றும் PC என்றும் இரண்டு பகுதியாக இருக்கும். மேல் பகுதியிலிருந்து எடுத்தால் அது டிவி என்று நினைத்து Limited வைத்துவிடும். PC பகுதியிலிருந்து எடுங்கள், அல்லது Full என்று கையால் மாற்றுங்கள். மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ ரேஞ்ச் என்று ஏதாவது இருந்தால் அதுவும் இதற்கு ஒத்துப்போக வேண்டும்.

அறிகுறி: பட்டை போய்விட்டது, ஆனால் சிவப்பு எழுத்து மங்கலாகிவிட்டது

4K திரையை எச்டிஎம்ஐ 2.0-இல் வைத்துக்கொண்டு எப்படியாவது 10 வேண்டும் என்று YCbCr422-க்கு மாற்றியவர்களிடம் இதைப் பார்க்கலாம். அந்த ஃபார்மட்டில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகப் போகும், நிறம் மட்டும் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றாகப் போகும். இரண்டு காட்டுக்கு ஒரே மடையைத் திறந்துவிட்ட மாதிரி. எச்டிஎம்ஐயில் 4:2:2-க்கு 12 பிட் வரை ஒரே இடம்தான் பிடிக்கும், அதனால் பட்டியலில் 10-உம் 12-உம் தாராளமாக வரும்.

சினிமா பார்க்க இது போதும். ஆனால் கறுப்பு மேல் சிவப்பு எழுத்து, ஒரு பிக்சல் அகலத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் செங்குத்து ஸ்ட்ரைப் இரண்டும் குழம்பிவிடும். ஸ்ட்ரைப் வேலை செய்கிறவர் இந்த ஃபார்மட்டைத் தொடக் கூடாது. கேபிள் மாற்ற வழியில்லை என்றால் RGB, 8, Full என்று திரும்பிவிடுங்கள் என்பது என் கருத்து. கொஞ்சம் பட்டையோடு வாழ்ந்துவிடலாம், பொய்யான விளிம்போடு வாழ முடியாது.

YCbCr444 என்றால் நிறம் பகிரப்படாது, விளிம்பு சுத்தமாக இருக்கும். ஆனால் 8 பிட்டில் RGB-யை அதற்கு மாற்றும்போது எண்கள் முழுமையாகத் திரும்பி வராது. பல நிறங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மேலே சொன்ன ஊதா, பச்சைச் சாயல் இந்த வழியாகவும் வரும். கேலிபரேஷனே செய்யாத சிஸ்டத்தில் சாயல் பட்டை தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான். RGB என்று மாற்றினால் பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும்.

அறிகுறி: விண்டோஸ் 10-bit என்கிறது, ஃபோட்டோஷாப்பில் t16.png இன்னும் பட்டையாகவே தெரிகிறது

சாயல் போய், ஒழுங்கான ஒன்றரை சென்டிமீட்டர் படி மட்டும் மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். கேபிள் 10 பிட் கொண்டுபோகிறது, ஆனால் ஃபோட்டோஷாப் 8 பிட்தான் ஊற்றுகிறது. Edit → Preferences → Performance → Advanced Settings போய் 30 Bit Display-ஐ டிக் செய்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். மூன்று நிறத்துக்கும் பத்துப் பத்தாக 30. முன்பு இதற்கு விலை உயர்ந்த ஒர்க்ஸ்டேஷன் கார்டு வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் வந்த ஸ்டுடியோ டிரைவரிலிருந்து என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகளிலும் வேலை செய்கிறது. AMD-யில் இதற்கென்று கிராஃபிக்ஸ் பகுதியில் 10-Bit Pixel Format என்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு.

படத்தை 100 சதவீதத்தில் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 66.67-க்குக் கீழே சுருக்கினால் ஃபோட்டோஷாப் வேகத்துக்காகச் சுருக்கி வைத்த பிரதியைக் காட்டும், அதில் பட்டை தெரிந்தால் அதற்கு மதிப்பில்லை. சரியாக வேலை செய்தால் 41 படிக்குப் பதிலாக ஏறத்தாழ 160 படிகள் வரும், ஒவ்வொன்றும் நான்கு மில்லிமீட்டருக்குள். t8.png-ஐயும் t16.png-ஐயும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்றில் படி தெரிந்து மற்றொன்றில் தெரியாவிட்டால் ஃபைலிலிருந்து பேனல் வரை வழி முழுவதும் திறந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வழியில் எங்கோ இன்னும் 8 பிட் அடைப்பு இருக்கிறது.

அந்த டிசைன் ரூமில் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. தம்பி தான் அனுப்பிய ஓம்ப்ரே ஃபைலைத் திறந்து, அதன் மேல் போட்ட நாய்ஸ் லேயரை அழித்தார். பின்னால் வந்து நின்ற மெர்ச்சண்டைசர் அக்கா, "இதையே பையருக்கு மெயில் பண்ணிரலாங்ளா?" என்றார். அனுப்பலாம், ஆனால் அவர்கள் லேப்டாப்பில் பட்டை தெரிந்தால் அது அவர்கள் திரையின் பட்டை, ஃபைலோடது இல்லைங்க, கூடவே துணியையும் கூரியர் பண்ணிருங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.